ஒற்றை வாக்கியத்தில் தொங்கும் பிரசங்கம்: என்ஃபீல்டு, 1741

பிரசங்கம் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். போதகர் ஒரு வசனத்தை வாசிப்பார். அதில் வரும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு கதை சொல்வார். கதையிலிருந்து நாட்டு நடப்புக்குப் போவார், அங்கிருந்து பிள்ளை வளர்ப்புக்கு, பிறகு வேறொரு வசனத்துக்கு. ஒவ்வொன்றும் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனா வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு என்ன பேசினார்?" என்று யாராவது கேட்டால் பதில் வராது. "நல்லாத்தான் பேசினாரு" என்று சொல்லி முடித்துவிடுவோம்.

பிரசங்கக் கலையைக் கற்றுத்தருபவர்கள் இந்த நோய்க்கு நெடுங்காலமாக ஒரே மருந்தைத்தான் சொல்லி வருகிறார்கள். பிரசங்கம் முழுவதும் சொல்லப்போவதை முதலில் ஒரே வாக்கியமாக எழுது என்பார்கள். இதை மையக்கூற்று என்று வைத்துக்கொள்வோம். ஜான் ஹென்றி ஜோவெட் என்ற ஆங்கிலப் போதகர், 1912-ல் நூலாக வந்த தன் யேல் பல்கலைக்கழகச் சொற்பொழிவுகளில், அந்த வாக்கியம் தெளிவாகக் கைக்கு வரும்வரை எந்தப் பிரசங்கமும் பேசத் தயாரில்லை என்கிறார். அதைக் கண்டுபிடிப்பதுதான் தன் படிப்பறையில் மிகக் கடினமான வேலை என்றும் சொல்கிறார். அறிவுரையாகக் கேட்கும்போது இது சப்பென்றுதான் இருக்கிறது. அந்த வாக்கியம் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு பழைய பிரசங்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். அதன் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

நான் எடுத்துக்கொண்டது, "கோபங்கொண்ட கடவுளின் கைகளில் பாவிகள்" என்ற பிரசங்கம். ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1741 ஜூலை 8 அன்று, இன்றைய அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் என்ஃபீல்டு என்ற ஊரில் அதைப் பேசினார். அதற்குச் சில வாரங்கள் முன்பு தன் சொந்தச் சபையான நார்த்தாம்டனிலும் அதைப் பேசியிருந்தார். அதே ஆண்டில் பாஸ்டனில் அச்சாகியும் விட்டது. நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தும் பிரசங்கம் என்பதுதான் பரவலாக அதற்குள்ள பெயர். நானும் அப்படி நினைத்துத்தான் வாசிக்கத் தொடங்கினேன். வாசித்து முடித்தபோது, பயமுறுத்துவது நரகத்தின் வர்ணனை இல்லை, ஒரு வாக்கியத்தின் அமைப்பு என்று தோன்றியது.

வசனம், உபதேசம், பயன்பாடு

முதலில் அந்தக் காலத்துப் பிரசங்கத்தின் அச்சு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். எட்வர்ட்ஸ் வந்தது பியூரிட்டன் மரபிலிருந்து. அந்த மரபுக்குப் பாடநூல் மாதிரி இருந்தது, கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வில்லியம் பெர்க்கின்ஸ் 1592-ல் லத்தீனில் எழுதிய ஒரு சிறு நூல். அதன்படி பிரசங்கத்துக்கு எளிய வரிசை உண்டு. முதலில் வசனத்தை வாசித்து அதன் பொருளை விளக்க வேண்டும். பிறகு அதிலிருந்து பயனுள்ள சில உபதேசங்களைத் திரட்ட வேண்டும். கடைசியில் அவற்றைக் கேட்பவர்களின் வாழ்க்கைக்குப் பொருத்த வேண்டும்.

இங்கே "உபதேசம்" என்பது பொதுவான போதனை இல்லை. வசனத்திலிருந்து பிழிந்தெடுத்த ஒரு கூற்று. அது முழு வாக்கியமாக இருக்க வேண்டும். 'நரகம்' என்பது உபதேசம் ஆகாது, அது வெறும் தலைப்பு. நரகத்தைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்டால் வரும் பதில்தான் உபதேசம். ஹாடன் ராபின்சன் 1980-ல் எழுதிய பிரசங்கப் பாடநூலிலும் இதே இரண்டு கேள்விகள்தான் இருக்கின்றன. இந்தப் பகுதி எதைப் பற்றிப் பேசுகிறது? அதைப் பற்றி என்ன சொல்கிறது? இரண்டு பதிலையும் சேர்த்தால்தான் மையக்கூற்று.

பெர்க்கின்ஸ் சில உபதேசங்கள் என்று பன்மையில் சொன்னதில் ஒரு சிக்கலும் இருந்தது. ஒரே வசனத்திலிருந்து பல உபதேசங்கள், ஒவ்வொன்றுக்கும் பல காரணங்கள், பல பயன்கள் என்று கிளை கிளையாகப் பிரிந்து போய்விடும். ஒழுங்கு இருக்கும், ஆனா ஒருமை இருக்காது. எண் போட்டுக்கொண்டே வழிதவற முடியும் என்பது இந்த மரபு கற்றுத்தந்த பாடம். என்ஃபீல்டு பிரசங்கத்தில் எட்வர்ட்ஸ் அப்படிச் செய்யவில்லை. ஒரே உபதேசம், அவ்வளவுதான்.

வாக்கியம் எப்படிக் கிடைத்தது

வசனம் உபாகமம் 32:35-ன் ஒரு சிறு பகுதி. உரிய நேரம் வரும்போது அவர்களுடைய கால் சறுக்கும் என்பது அதன் கருத்து. மூலத்தில் சில சொற்கள்தான்.

மையக்கூற்று இல்லாத ஒருவர் கையில் இந்த வசனம் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 'கால்' என்றதும் நல்வழியில் நடப்பது பற்றிப் பேசலாம். 'சறுக்கும்' என்றதும் தாவீது சறுக்கிய கதை, பேதுரு சறுக்கிய கதை. 'நேரம்' என்றதும் நேரத்தை வீணாக்காதே என்று இளைஞர்களுக்கு ஒரு புத்திமதி. மூன்றும் வசனத்தில் உள்ள சொற்களிலிருந்து வந்தவைதான். ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. வழிதவறுகிற பிரசங்கம் பெரும்பாலும் வசனத்தை விட்டு ஓடுவதில்லை. வசனத்தின் ஒவ்வொரு சொல்லையும் ஒரு வாசலாக்கி, எல்லா வாசலிலும் நுழைந்து பார்க்கிறது.

எட்வர்ட்ஸ் அந்தப் படத்தை உடைக்காமல் முழுசாக வைத்துக்கொள்கிறார். சறுக்கலான இடத்தில் ஒருவன் நிற்கிறான். இதிலிருந்து நான்கு விஷயங்களைக் கவனிக்கிறார். ஒன்று, அவன் எப்போதுமே விழக்கூடிய நிலையில் இருக்கிறான். இரண்டு, விழுந்தால் முன்னறிவிப்பில்லாமல் திடீரென்று விழுவான். மூன்று, அவனை யாரும் தள்ள வேண்டியதில்லை, தன் எடையாலேயே விழுவான். நான்கு, இன்னும் விழாமல் இருப்பதற்குக் காரணம், கடவுள் குறித்த நேரம் வரவில்லை என்பது மட்டும்தான்.

இந்த நான்கும் நான்கு உபதேசங்களாகப் பிரிந்து போயிருக்கலாம். ஆனால் முதல் மூன்றும் சேர்ந்து ஒரு கேள்வியை எழுப்புகின்றன: அப்படியானால் இவன் ஏன் இன்னும் விழவில்லை? நான்காவது அதற்குப் பதில் சொல்கிறது. அந்தப் பதிலை எடுத்து, தான் வலியுறுத்தப்போவது இதுதான் என்று சபையிடம் வெளிப்படையாகவே அறிவிக்கிறார். என் சொற்களில் சொன்னால்: துன்மார்க்கரை எந்தக் கணத்திலும் நரகத்தில் விழாமல் பிடித்து வைத்திருப்பது கடவுளின் விருப்பம் மட்டுமே, வேறு எதுவுமே இல்லை.

கவனியுங்கள், நரகம் பயங்கரமானது என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. அதைச் சபை ஏற்கெனவே நம்பியது. சபை யோசிக்காதது, நம்மைத் தாங்கிக்கொண்டிருப்பது எது என்ற கேள்வி. வாக்கியம் அதைப் பற்றித்தான் பேசுகிறது.

பத்துக் கதவுகள்

அடுத்து எட்வர்ட்ஸ் பத்துக் காரணங்களை அடுக்குகிறார். பத்து என்றதும் நமக்கு மலைப்பாக இருக்கும். ஆனால் வாக்கியத்தில் இருக்கிற "வேறு எதுவுமே இல்லை" என்ற பகுதியை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், பத்தும் ஒரே வேலையைச் செய்வது தெரிகிறது. வேறு எதுவும் தாங்கவில்லை என்று நிரூபிக்க வேண்டுமென்றால், தாங்கக்கூடும் என்று ஒருவன் நினைக்கிற ஒவ்வொன்றையும் எடுத்து, அது தாங்கவில்லை என்று காட்ட வேண்டும் இல்லையா? அதைத்தான் செய்கிறார்.

ஒருவேளை கடவுளுக்கு வலிமை போதாதோ? அப்படியில்லை. நீதி குறுக்கே நிற்கிறதோ? இல்லை, நீதியும் தண்டனையைத்தான் கேட்கிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லையோ? அது ஏற்கெனவே வந்துவிட்டது. கடவுளுக்கு இன்னும் கோபம் வரவில்லையோ? கோபமும் இப்போதே இருக்கிறது. பிசாசு தயாராக இல்லையோ? தயாராகத்தான் நிற்கிறான். மனிதனுக்குள் தீப்பிடிக்க எதுவும் இல்லையோ? அவன் உள்ளத்திலேயே அதற்கான விறகு இருக்கிறது. இப்படி முதல் ஆறு முடிகிறது.

அதற்குப் பிறகு பார்வை மனிதன் பக்கம் திரும்புகிறது. உடம்பு நன்றாக இருக்கிறது, ஆபத்து எதுவும் கண்ணில் படவில்லை என்பது ஏழாவது. ஜாக்கிரதையாக இருக்கிறேன் என்பது எட்டாவது. தப்பிக்க எனக்கென்று ஒரு திட்டம் இருக்கிறது, மற்றவர்களைப் போல ஏமாற மாட்டேன் என்பது ஒன்பதாவது. மூன்றும் பிடிமானம் ஆகாது என்று காட்டுகிறார்.

பத்தாவதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. கடவுள் இவர்களுக்கு எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை என்பது அது. இதை ஏன் கடைசியில் வைத்தார்? வாக்கியத்தைத் திரும்பப் பாருங்கள். கடவுளின் விருப்பம் *மட்டுமே* என்கிறது. கடவுள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தால், அந்த வாக்கும் ஒரு பிடிமானமாகிவிடும். அப்போது 'மட்டுமே' என்ற சொல் பொய்த்துவிடும். கிறிஸ்துவை நம்பாதவனுக்கு அந்த வாக்கும் கிடையாது என்று காட்டியவுடன் கடைசிக் கதவும் சாத்தப்படுகிறது. அதற்கு மேல் பதினொன்று தேவையில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் அந்த வாக்கியமே சொல்லிவிடுகிறது.

உவமைகளும் அடங்கி நடக்கின்றன

பிரசங்கிகளை அதிகம் வழிதவற வைப்பது உவமை. நல்ல கதை ஒன்று கிடைத்துவிட்டால் அதைச் சொல்லாமல் இருக்க மனசு வராது. எட்வர்ட்ஸின் உவமைகள் மிகப் பிரபலமானவை. நெருப்புக்கு மேலே ஒரு கை பிடித்திருக்கும் சிலந்தி. நாண் ஏற்றி, அம்பு தொடுத்து, இழுத்துப் பிடித்திருக்கும் வில். அணைக்குப் பின்னால் உயர்ந்துகொண்டே போகும் வெள்ளம். குழியின்மேல் போட்ட மக்கிப்போன மூடியில் நடக்கும் மனிதர்கள். விழுகிற பாறையைத் தடுக்க முடியாத சிலந்தி வலை.

இவற்றை வரிசையாக எழுதிப் பார்த்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ஏறக்குறைய எல்லாமே நரகத்தின் உள்ளே நடப்பதைக் காட்டவில்லை. விழுவதற்கு முந்தைய கணத்தைத்தான் காட்டுகின்றன. சிலந்தி நெருப்பில் விழவில்லை, அம்பு பறக்கவில்லை, அணை உடையவில்லை. எல்லாமே பிடித்து வைக்கப்பட்ட நிலையில் இருக்கின்றன, பிடியை விட்டால் போச்சு. வாக்கியத்தில் உள்ள 'எந்தக் கணத்திலும்', 'பிடித்து வைத்திருப்பது' என்ற இரண்டும்தான் இந்த உவமைகளைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. எரியும் கந்தகக் கடலைப் பத்துப் பக்கம் வர்ணித்திருந்தால் அது வேறு ஒரு வாக்கியத்துக்கான பிரசங்கம் ஆகியிருக்கும்.

கயிறு தளரும் இடம்

பிரசங்கம் முழுக்க இப்படிக் கச்சிதமாக இருக்கிறது என்று சொன்னால் அது பொய். பயன்பாட்டுப் பகுதியின் நடுவில், கடவுளின் கோபத்தைப் பற்றி நான்கு குறிப்புகள் வருகின்றன. அது யாருடைய கோபம், எவ்வளவு உக்கிரம், எதற்காக அது வெளிப்படும், எவ்வளவு காலம் நீடிக்கும் என்பவை அவை. இங்கே பேச்சின் பொருள் மாறிவிடுகிறது. 'தாங்குவது எது' என்ற கேள்வி பின்னுக்குப் போய், 'விழுந்தால் என்ன ஆகும்' என்பது முன்னுக்கு வருகிறது.

இதை எப்படிச் சோதிப்பது? இரண்டு வழிகள் வைத்துக்கொண்டேன். முதலாவது, ஒரு பகுதியை எடுத்துவிட்டால் மையக்கூற்று பலவீனமாகிறதா என்று பார்ப்பது. பத்தாவது காரணத்தை எடுத்தால் வாக்கியத்தில் ஓட்டை விழும். கோபத்தின் நான்கு குறிப்புகளை எடுத்தால் பிரசங்கத்தின் கனம் குறையும், ஆனால் வாக்கியம் அப்படியே நிற்கும். இரண்டாவது, அந்தப் பகுதியைத் தூக்கி வேறொரு பிரசங்கத்தில் வைக்க முடியுமா என்று பார்ப்பது. அந்த நான்கு குறிப்புகளையும் நரகத்தைப் பற்றிய எந்தப் பிரசங்கத்திலும் வைக்கலாம். சிலந்தியை அப்படி வைக்க முடியாது. முற்றிலும் வழிதவறல் என்று இதைச் சொல்ல மாட்டேன். எதில் விழப்போகிறோம் என்று தெரிந்தால்தான் தாங்கும் கையின் அருமை தெரியும் என்று எட்வர்ட்ஸ் பதில் சொல்லக்கூடும். ஆனாலும் கயிறு சற்றுத் தளர்ந்திருப்பது தெரிகிறது.

இன்னொரு வரம்பும் உண்டு, அது இதைவிடப் பெரியது. மையக்கூற்று பிரசங்கத்தை ஒன்றாகக் கட்டும். ஆனால் பிரசங்கம் வசனத்துக்கு உண்மையாக இருக்கிறது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. உபாகமம் 32 மோசேயின் பாட்டு. அதில் கால் சறுக்கப்போவது யாருக்கு? எட்வர்ட்ஸ், கீழ்ப்படியாத இஸ்ரவேலருக்கு என்று எடுத்துக்கொள்கிறார். அந்த இடத்தில் பேசப்படுவது இஸ்ரவேலின் எதிரிகள் என்று வாசிக்கிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது சரி என்றால், அந்த வசனம் ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஆறுதலாகிவிடும். அப்போது அதை வைத்துச் சபையைப் பார்த்து எச்சரிக்க முடியாது. வாக்கியத்தைச் செதுக்குவதற்கு முன்னால் வசனத்தின் சுற்றுப்புறத்தைப் படிக்க வேண்டும். தவறான வாக்கியமும் வழிதவறாமல் கடைசிவரை போகும்.

பேசி முடிக்காத பிரசங்கம்

அன்று என்ஃபீல்டில் நடந்ததை, அங்கே இருந்த லாங்மெடோ போதகர் ஸ்டீபன் வில்லியம்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிரசங்கம் முடிவதற்குள்ளேயே ஆலயம் முழுவதும் முனகலும் கதறலும் எழுந்தன. இரட்சிக்கப்பட என்ன செய்வது என்று ஜனங்கள் சத்தமிட்டார்கள். போதகர் பேச்சை நிறுத்த வேண்டியதாயிற்று. கொஞ்ச நேரம் காத்திருந்த பிறகு அமைதி திரும்பியது, எலியாசர் வீலாக் ஜெபித்தார். பிறகு போதகர்கள் பீடத்திலிருந்து இறங்கி வந்து ஜனங்களோடு தனித்தனியாகப் பேசினார்கள்.

இதை வாசித்தபோது மையக்கூற்றின் இன்னொரு பக்கம் புரிந்தது. பிரசங்கம் முடியவில்லை, ஆனா அது சொல்ல வந்த விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. தொடக்கத்திலேயே வாக்கியம் அறிவிக்கப்பட்டுவிட்டதால், எந்த இடத்தில் நிறுத்தினாலும் கேட்டவர்கள் கையில் முழுப் பொருள் இருந்தது. அங்குமிங்கும் அலைகிற பிரசங்கத்தை நடுவில் நிறுத்தினால் கையில் மிஞ்சுவது சில துண்டுகள்தான்.

ஆனால் அச்சுப் பிரதியின் கடைசிப் பகுதியில் வேறொன்று இருக்கிறது. இரக்கத்தின் கதவு இன்னும் திறந்திருக்கிறது, இன்றைக்கே உள்ளே வாருங்கள் என்ற அழைப்பு. தாங்கிக்கொண்டிருக்கும் அதே விருப்பம்தான் அவகாசமும் தருகிறது என்பதால், அந்த அழைப்பு மையக்கூற்றிலிருந்தே பிறக்கிறது. இருந்தாலும் வாக்கியத்துக்குள் அது இல்லை. எச்சரிக்கை மட்டும்தான் வாக்கியத்தில் இருந்தது. என்ன செய்வது என்று சபை கதறியதும், அதற்கான பதிலைப் போதகர்கள் கீழே இறங்கி வந்து ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்ததும் எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை.

மையக்கூற்றை எழுதி வைத்திருக்கிற ஒரு பிரசங்கியைச் சந்தித்தால் நான் கேட்க விரும்பும் கேள்வி இதுதான்: உங்களுடைய பேச்சு பாதியில் நின்றுபோய், அந்த ஒரு வாக்கியம் மட்டுமே ஜனங்களோடு வீட்டுக்குப் போகும் என்றால், அவர்களுக்கு அது போதுமா?